ஏமாற்றிப் பெறப்பட்ட 8,600 ரிங்கிட்: பெறுநர் கணக்கை உடனே முடக்கக் கோரிக்கை

கிளை மேலாளர் அவர்களுக்கு,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

மதிப்பிற்குரிய ஐயா,

இன்று காலை 10.42க்கு, 4471 என முடியும் என் சேமிப்புக் கணக்கிலிருந்து உங்கள் வங்கியிலேயே உள்ள, 9036 என முடியும் கணக்குக்கு 8,600 ரிங்கிட் மாற்றப்பட்டது. வருமான வரி அதிகாரி என்று பேசிய ஒருவர், என் அடையாள அட்டை எண்ணைப் பிசகின்றி ஒப்பித்து, வரி பாக்கிக்காகக் கைது ஆணை பிறந்திருப்பதாக மிரட்டி, தொலைபேசியை வைக்கவிடாமல் இதைச் செய்ய வைத்தார். பெறுநரோ ஒரு தனிநபர்; வரிப்பணம் தனிநபர் கணக்குக்குப் போவதில்லை.

997 எண்ணில் புகார் செய்துவிட்டேன். போலீஸ் புகாரின் நகலையும் பரிமாற்ற ரசீதையும் இணைத்துள்ளேன். இத்தகைய பணம் விரைவில் வேறு கணக்குகளுக்குச் சிதறிவிடும் என்பதால், விசாரணை முடியும்வரை காத்திராமல் அந்தக் கணக்கை இப்போதே முடக்கி, பணம் ஏற்கெனவே நகர்ந்திருந்தால் அடுத்த வங்கிக்கும் தெரிவித்து, எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்துபூர்வமாக அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் இணைய வங்கிச் சேவையையும் நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
மாலதி