மரக்கட்டை அடைத்த துப்பாக்கி

மேடையில் இருக்கும் மாவட்ட ஆட்சியர் அம்மா அவர்களுக்கும், காப்பாட்சியர் ஐயா அவர்களுக்கும், முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், பின்வரிசையில் இப்போதே நெளிய ஆரம்பித்துவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. 34 வருஷம் ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்தவன். கோத் என்கிற ஆயுத அறைக்குள்ளே, எண்ணெய் வாசத்தில், துப்பாக்கியோடு பேசித்தான் பழக்கம். அது எதிர்த்துப் பேசாது. ஆர்மரர் என்றால் பெரிய சுடுகாரர் என்று என் சம்பந்தி வீட்டில்கூட நினைத்துக்கொண்டிருந்தார்கள். சுடுகிறவர் வேறு. அவர் கைக்குப் போவதற்கு முன்னால் போல்ட்டைக் கழற்றி, ஃபயரிங் பின் சரியாக இருக்கிறதா பார்த்து, பேரலில் வெளிச்சம் பிடித்துப் பார்த்து, துடைக்கிற புல்த்ரூ கயிற்றை உள்ளே விட்டு இழுத்துக் கொடுக்கிறவன்தான் நான்.

இந்த ஆயுதக் கூடத்துக்கு வந்த பொருட்களைத் துடைத்து அடுக்க ஒரு மாதம் கூப்பிட்டிருந்தார்கள். அந்த ஒரு மாதத்தில் தோன்றியதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

மூன்றாவது பெட்டியில் இரண்டு துப்பாக்கிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டுமே லீ-என்ஃபீல்டு. ஒன்று நம் எல்லோருக்கும் தெரிந்த திரீ நாட் திரீ. உள்ளே 5 சுருள் வரி, இடது பக்கமாகச் சுற்றும். குண்டைச் சுழலவிட்டு, தூரத்துக் குறி தப்பாமல் போகவைப்பது அந்த வரிதான். மேகசினில் 10 ரவை பிடிக்கும். இன்னொன்று .410 மஸ்கெட். அதன் பேரலுக்குள் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள், தண்ணீர்க் குழாய் மாதிரி வழவழவென்று இருக்கும். வரியே கிடையாது. மேகசின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்திருப்பார்கள். ஒரு தடவைக்கு ஒரு ரவைதான். கையால் போட்டு, சுட்டு, மறுபடி போட வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலையில் நல்ல ரைஃபிளை எடுத்து, இப்படி வேலை செய்து இறக்கினார்கள். போலீசுக்கும் ஜெயில் காவலுக்கும் கொடுத்தது இதைத்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த மரக்கட்டையைப் பார்த்து, ஏதோ உடைந்துபோய் எவனோ ஒட்டுப்போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். என் பழைய ஹெட் கான்ஸ்டபிள் சிரித்தார். "தம்பி, இது ரிப்பேர் இல்லை, உத்தரவு" என்றார்.

நல்லபடி சுடும் துப்பாக்கியைக் காசு செலவழித்து யாராவது கெடுப்பார்களா? கெடுத்திருக்கிறார்கள். தன் சம்பளத்தில் நிற்கும் காவலரே நாளைக்குத் திரும்பிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அந்த மரக்கட்டையில் இருக்கிறது. அவர் சுட்டால் கூட்டம் கலைய வேண்டும். ஆனால் தூரத்தில் நிற்கும் பட்டாளத்தை அவர் குறி பார்த்து அடிக்க முடியக் கூடாது. இது புதுப் பழக்கமும் இல்லை. 1857க்குப் பிறகு சிப்பாய்களுக்கென்று என்ஃபீல்டு ரைஃபிளின் வரியைக் குடைந்தெடுத்து, வழவழப்பான மஸ்கெட்டாக்கிக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கையில் புது ரகம், நம் ஆட்கள் கையில் அதற்கு முந்தைய ரகம். ரொம்ப காலம் அப்படித்தான் ஓடியது. சரித்திரப் புத்தகத்தில் நாலு பக்கம் எழுதுவதை ஒரு பேரல் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும். யாரைப் பார்த்துப் பயந்தார்கள், யாரை எந்த அளவுக்கு நம்பினார்கள் என்று ஆயுதம் மறைக்காமல் சொல்லும்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த மஸ்கெட் போலீஸ் கோத்தில் பல வருஷம் இருந்தது. கட்டையைப் பிடுங்கிப் போட யாருக்கும் அவசரம் இல்லை. அதையும் துப்பாக்கிதான் சொல்கிறது. நான் போலீஸ்காரன், இதற்கு மேல் இதில் பேசமாட்டேன்.

முதல் பெட்டியில் வளரி. இந்தச் சீமைப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மரத்தில் இருக்கும், இரும்பில் இருக்கும், பெரிய வீடுகளில் தந்தத்தில்கூட இருந்திருக்கிறது. முயலுக்கு வீசியதைத்தான் சண்டையிலும் வீசினார்கள். ஆர்மரர் கண்ணால் பார்த்தால், இதைச் செய்யத் தொழிற்சாலை வேண்டாம், வெடிமருந்து வேண்டாம், ரவை வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, தனக்கு ஈட்டியும் வளரியும் வீசக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான் என்று எழுதி வைத்திருக்கிறார். கற்றுக்கொண்டவர் 1801இல் அதே மருதுவுக்கு எதிரான படையில் வந்தார். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, அந்த வருஷம் டிசம்பரில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று பிரகடனம் போட்டார்கள். பீரங்கி வைத்திருந்த கம்பெனி, ஒரு வளைந்த கட்டையைப் பார்த்து எதற்குப் பயந்தது? எவன் வீட்டு முற்றத்திலும் அதைச் செதுக்கிவிடலாம் என்பதற்குத்தான்.

இரண்டாவது பெட்டியில் கட்டாரிகள். தஞ்சாவூர்ப் பக்கத்து வேலை. எல்லோரும் கைப்பிடியில் இருக்கும் யாளியைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான், நானும் பார்த்தேன். பிறகு அலகைப் பாருங்கள். இடமிருந்து மூன்றாவது கட்டாரியின் அலகில் நீளவாக்கில் வாய்க்கால் மாதிரிப் பள்ளங்கள் ஓடும். கட்டாரிக்கென்றே அடித்த அலகாக இருந்தால் அந்தப் பள்ளம் முடிய வேண்டிய இடத்தில் அழகாக முடியும். இதில் கைப்பிடிக்கு உள்ளே போய் மறைகிறது. அதாவது, கப்பலில் வந்த ஐரோப்பிய வாளை வெட்டிக் கட்டாரியாக்கியிருக்கிறார் நம் கொல்லர். இரும்புக்குப் பேர்போன நாடு நம் நாடு. கொடுமணலில் எஃகு காய்ச்சிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சீமை அலகுக்கு மவுசு வந்திருக்கிறது. கைப்பிடி உள்ளூர், யாளி உள்ளூர், அலகு மட்டும் வெளியூர். கல்யாண வீட்டில் ஃபாரின் வாட்ச்சைக் காட்ட சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வோமே, அதே மனசுதான்.

கடைசியாக ஒன்று. ஐந்தாவது பெட்டியில், ஓரமாக, இன்னொரு திரீ நாட் திரீ இருக்கிறது. அதை வைக்க வேண்டாம் என்றார்கள், பழைய சாமான் மாதிரி இருக்கிறதாம். நான்தான் கெஞ்சி வைக்கச் சொன்னேன். அதன் பேரல் புதுசு போல இருக்கும், சுட்டதே குறைவு. ஆனால் தோளில் வைக்கும் கட்டையின் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். தகடு ஒரு பக்கம் தேய்ந்து, மரம் சிராய்ந்து, ஓரம் மழுங்கியிருக்கும். கருவூலக் காவலில், சிமென்ட் தரையில், வருஷக்கணக்காக ஊன்றி ஊன்றி எடுத்த தேய்மானம் அது. நடுவில் கைபடும் இடத்தில் மரம் கறுத்து மினுங்கும். நைட் டூட்டியில் அதைப் பிடித்துக்கொண்டு தூக்கத்தை அடக்கி நின்றவர்களின் வியர்வை. பாலீஷ் போடட்டுமா என்று ஒரு பையன் கேட்டான். தொடாதே என்றேன். காப்பாட்சியர் ஐயாவிடமும் இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன், வருகிற வருஷங்களில் யார் வந்தாலும் அதைப் பாலீஷ் போட விட்டுவிடாதீர்கள்.

.410இன் மரக்கட்டையைப் பக்கத்தில் இருந்து பார்க்க, இன்றைக்கு மட்டும் பெட்டியைத் திறக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். டார்ச்சும் கொண்டுவந்திருக்கிறேன். ஆட்சியர் அம்மா ரிப்பன் வெட்டியதும், பின்வரிசைப் பிள்ளைகள் முதலில் வாங்க.