திருத்தம்: கண்டி மன்னர் 1806இல் வேலூர்க் கோட்டையில் இல்லை

இந்த வீடியோவில் 7:42 முதல் 8:15 வரை, "1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியின்போது கண்டி மன்னரும் கோட்டையில் கைதியாக இருந்தார்" என்று சொல்லியிருக்கிறோம். அது தவறு.

கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் அப்போது கண்டியில் ஆட்சியில் இருந்தார். 1815இல்தான் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். 1816இல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் இருப்பது அவருடைய கல்லறைதான். வீடியோவில் அதைப் பற்றிச் சொன்னது சரி.

புரட்சியின்போது கோட்டைக்குள் காவலில் இருந்தது திப்பு சுல்தானின் குடும்பம். திப்பு 1799லேயே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரில் இறந்துவிட்டார். புரட்சி அடக்கப்பட்ட பிறகு அவருடைய பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் கண்டி மன்னர் வந்தபோது அவர்கள் இங்கே இல்லை. கோட்டைக்குள் திப்பு மஹால், கண்டி மஹால் என்று ஒரே வளாகத்தில் பார்க்கும்போது எல்லாரும் ஒரே காலத்தவர் என்று தோன்றிவிடும். பத்து வருட இடைவெளி இருக்கிறது.

ஏற்றிய வீடியோவில் குரலை மட்டும் மாற்ற வழியில்லை. அதனால் சப்டைட்டிலில் அந்த வரியைத் திருத்தி, இதே குறிப்பை முதல் கமெண்டாகவும் பின் செய்திருக்கிறோம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் 7:42லிருந்து குறிப்பெடுத்திருந்தால் தயவுசெய்து அடித்துவிட்டு மேலே உள்ள ஆண்டுகளை எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியை ஷார்ட்ஸாகப் போட்டிருந்தோம், அதை நீக்கிவிட்டோம்.

சுட்டிக்காட்டிய சத்துவாச்சாரி ஆசிரியருக்கு மனமார்ந்த நன்றி.