வேலையிலிருந்து விலகுவதற்கான கடிதம்

அனுப்புநர்:
இரா. மல்லிகா,
தாமான் இண்ட்ராவாசே, பிறை, செபராங் பிறை.

பெறுநர்:
திரு. சுப்பையா அவர்கள்,
கடை உரிமையாளர்,
லெபோ பசார், ஜார்ஜ்டவுன், பினாங்கு.

3 மார்ச் 2026, செவ்வாய்க்கிழமை

பொருள்: பணியிலிருந்து விலகுவதற்கான எட்டு வார முன்னறிவிப்பு

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் மளிகை, பூஜைப் பொருள் கடையில் 2018-ஆம் ஆண்டு முதல் விற்பனை உதவியாளராகப் பணியாற்றி வரும் நான், என் பணியிலிருந்து விலகிக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன் என்பதை இக்கடிதத்தின் வழி முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். ஐந்தாண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர் எட்டு வார முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் விதி. நமக்குள் வேறு எழுத்து ஒப்பந்தம் இல்லாததால் அந்த விதியையே பின்பற்றுகிறேன். கடிதம் கொடுக்கும் நாளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதால், 27 ஏப்ரல் 2026, திங்கட்கிழமை, நான் கடையில் வேலை செய்யும் கடைசி நாளாக இருக்கும்.

இதை நேரில் சொல்லாமல் எழுதிக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. கல்லாவுக்கு அருகில் நின்று பேசினால் இடையில் வாடிக்கையாளர் வருவார், தொலைபேசி அடிக்கும், சொல்ல வந்ததில் பாதி நின்றுபோகும். மேலும், வேலையை விட்டுப் போகிறவர்களைப் பற்றி, "பத்து வெள்ளி கூடக் கிடைத்தால் ஓடிவிடுவார்கள்" என்று தாங்கள் சொல்வதைப் பல முறை கேட்டிருக்கிறேன். என்னைப் பற்றியும் அப்படி நினைக்கக்கூடாது என்பதால் கணக்கைத் தெளிவாகவே எழுதுகிறேன்.

பட்டர்வொர்த் பக்கத்தில் உள்ள ஒரு பேரங்காடி, இந்திய மளிகைப் பொருள்களுக்கென ஒரு தனிப் பகுதியைத் தொடங்குகிறது. அதன் சரக்கு மேற்பார்வையாளராக மாதம் 2,400 ரிங்கிட் சம்பளத்தில் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். இப்போது தாங்கள் தருவது 1,850 ரிங்கிட். வித்தியாசம் 550 ரிங்கிட். அதோடு ஊழியர் சேமநிதிக்கு முதலாளி கட்டும் 13 விழுக்காடும் அந்த உயர்ந்த சம்பளத்தின் மேல் கணக்கிடப்படும். வேலை நேரம் எட்டு மணி, அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு ஊதியம். பிறையிலிருந்து பேருந்து பிடித்து, படகுத்துறையில் காத்திருந்து, ஃபெரி ஏறி, மறுபடி நடந்து கடைக்கு வரும் வேலை இனி இல்லை. வீட்டிலிருந்து பேருந்தில் நேராகப் போய்விடலாம். மகள் செபராங் பிறை பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், மகன் படிவம் நான்கில் இருக்கிறான். இருவரின் செலவும் குறையப் போவதில்லை என்பதைத் தாங்களும் அறிவீர்கள்.

சம்பளம் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 தீபாவளிக்குப் பிறகு நான் சம்பள உயர்வு கேட்டபோது, வியாபாரம் எப்படிப் போகிறது என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னீர்கள். அதன் பிறகு அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்த்தியது. ஐவருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் நம்முடையதைப் போன்ற கடைகளுக்கு அது 1 ஆகஸ்ட் 2025 முதல் நடப்புக்கு வந்தது. தாங்கள் தாமதமின்றி எல்லாருக்கும் அதைச் சரிசெய்தீர்கள். எனக்கும் நூறு ரிங்கிட் கூட்டினீர்கள். ஆனால் அதன் விளைவு என்னவென்றால், சென்ற ஆண்டு சேர்ந்த தம்பிக்கும் எனக்கும் இடையே உள்ள இடைவெளி 150 ரிங்கிட்டாகச் சுருங்கிவிட்டது. அந்தத் தம்பி வாங்குவது அதிகம் என்று நான் சொல்லவில்லை. 1,700 ரிங்கிட்டில் பினாங்கில் ஒருவர் வாழ்வதே பாடு. இத்தனை ஆண்டு அனுபவத்துக்கு இந்தக் கடையில் உள்ள மதிப்பு 150 ரிங்கிட்தானா என்ற கேள்விதான் எனக்கு எழுந்தது. நால்வர் வேலை செய்யும் கடையில், வாடகையும் சரக்கு விலையும் ஏறிக்கொண்டிருக்கும்போது, அதற்கு மேல் கொடுப்பது தங்களுக்கு எளிதல்ல என்பது எனக்குப் புரிகிறது. ஆகவே, இருநூறோ முந்நூறோ கூட்டித் தருகிறேன், இருந்துவிடு என்று தாங்கள் சொல்ல நேர்ந்தால், அன்போடு மறுக்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிவிக்கிறேன். அப்படித் தந்தால் மற்ற மூவருக்கும் தர வேண்டிவரும். அந்தச் சுமையைத் தங்கள் மேல் ஏற்றிவிட்டு இங்கே இருப்பதில் எனக்கு விருப்பமில்லை. புதிய இடத்துக்கு ஒப்புதல் கொடுத்தும் விட்டேன்.

தாங்கள் செய்த நன்மைகளை மறந்து இதை எழுதவில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, நேரத்தைக் குறைத்துக் கடை நடத்திய மாதங்களிலும், எங்களில் யாருடைய சம்பளத்திலும் தாங்கள் ஒரு வெள்ளிகூடப் பிடிக்கவில்லை. சுற்றியுள்ள எத்தனையோ கடைகளில் ஆள்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்ட காலம் அது. சரக்குப் பார்க்கும் வேலையையும் தாங்களே எனக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். உளுந்து மூட்டை வந்தால் தையல் நூலைப் பிரித்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, நடுவில் வெதுவெதுப்புத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சூடு இருந்தால் ஈரமோ வண்டோ இருக்கிறது, லாரி கிளம்பும் முன் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று முதல் வாரத்திலேயே காட்டினீர்கள். புதிய இடத்தில் என்னை நேர்காணல் செய்தவர் பருப்பு வகைகளைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். எனக்கு அந்த வேலை கிடைத்ததில் தங்கள் பங்கு பெரிது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

போகும் இடமும் இந்திய மளிகைதான் என்பதால் தங்களுக்கு ஓர் ஐயம் வரலாம், அது நியாயமானதும்கூட. நம் கடைக்குச் சரக்குப் போடுகிறவர்கள் என்ன விலைக்குத் தருகிறார்கள், எத்தனை நாள் தவணை கொடுக்கிறார்கள் என்பதை அங்கே யாரிடமும் சொல்ல மாட்டேன். அங்கே கொள்முதலைத் தலைமை அலுவலகமே கவனிக்கிறது; அடுக்கில் சரக்கு இருக்கிறதா, காலாவதி ஆகிறதா என்று பார்ப்பதே என் பொறுப்பு. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கல்யாணச் சாமான் பட்டியல்களும் உணவகங்களின் ஆர்டர்களும் இத்தனை காலமாக என் சொந்தக் கைப்பேசியின் வாட்ஸ்அப்புக்குத்தான் வருகின்றன. கடைக்கென ஓர் எண் வாங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இம்மாதத்துக்குள் அந்த எண்ணை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் நானே அனுப்பி, இனி அதில் தொடர்புகொள்ளுமாறு சொல்லிவிடுவேன். கடைசி நாளன்று தங்கள் முன்னிலையிலேயே அந்த எண்களை என் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுகிறேன்.

இந்த எட்டு வாரங்கள் சும்மா இருக்கும் வாரங்கள் அல்ல. நோன்பு மாதம் முடிந்து ஹரி ராயா வருவதால் நாசி கண்டார் கடைகளின் மசாலா ஆர்டர் கூடும். ஏப்ரல் தொடக்கத்தில் பங்குனி உத்திரம், 14-ஆம் தேதி சித்திரைப் புத்தாண்டு. கற்பூரம், நெய், தேங்காய், எலுமிச்சை ஆகியவற்றுக்கு இப்போதே சொல்லி வைத்தால்தான் சரியாக வரும். அந்தப் பட்டியலைத் தனியாக எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். புத்தாண்டு வியாபாரம் முடியும் வரை நான் விடுப்பு எடுக்க மாட்டேன்.

ஒப்படைக்க வேண்டியவற்றில் எனக்கு அதிகக் கவலை தருவது பற்றுப் புத்தகம்தான். கணினியில் ஏறாத கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கிறது, அதிலும் பாதி என் நினைவில் இருக்கிறது. இன்னார் மாதக் கடைசியில் தருவார், இன்னாருக்கு மகன் வந்து கட்டுவார், கோயிலுக்குப் போகும் சாமான்களைக் கோயில் நிர்வாகத்தின் பெயரிலன்றி உபயகாரர் பெயரில் எழுத வேண்டும் என்பன போன்றவை. மார்ச் மாத இறுதிக்குள் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இவற்றை எழுதி, நிலுவைத் தொகையை அவரவரிடம் சரிபார்த்துக் கையொப்பம் வாங்கிவிடுகிறேன். நான் போன பிறகு யாரும் வந்து, "மல்லிகாவிடம் கொடுத்துவிட்டேனே" என்று சொல்லும் நிலை வரக்கூடாது. தங்களுக்கும் அது நல்லது, எனக்கும் அது நல்லது.

என் இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுப்பதா, அந்தத் தம்பியையே பழக்குவதா என்பது தங்கள் விருப்பம். என்னைக் கேட்டால், தம்பியைப் பழக்கலாம். கணக்கில் அவன் கெட்டி. எடை போடும்போது கை அவசரப்படுவதில்லை. பாட்டிமார்கள் விலை பேசும்போது மட்டும் முகம் கடுகடுத்துவிடுகிறது, அது போகப் போகச் சரியாகிவிடும். வெற்றிலை, பூ கொண்டு வருகிறவர்கள் காலையில் வரும்போது அடுத்த வாரத்திலிருந்து அவனை என்னோடு நிற்க வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன். அவனுக்குப் பொறுப்பு கூடும்போது சம்பளத்தையும் பார்த்துச் செய்யுங்கள். விலகிப் போகிறவள் சொல்லும் அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் பொறுத்தருள்க.

தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது மூன்று. ஏப்ரல் மாதச் சம்பளத்தையும், எனக்கு மீதமிருக்கும் ஆண்டு விடுப்புக்கான தொகையையும் கடைசி நாளன்று கணக்குப் பார்த்துத் தர வேண்டுகிறேன். சேமநிதி, பெர்கேசோ சந்தாக்களை ஏப்ரல் மாதத்துக்கும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். நான் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன பொறுப்பில் வேலை செய்தேன் என்று குறிப்பிடும் சான்றுக் கடிதம் ஒன்றும் தேவைப்படுகிறது. புதிய இடத்தில் அதைக் கேட்கிறார்கள். அதைத் தட்டச்சு செய்து கொண்டுவருகிறேன், தாங்கள் படித்துப் பார்த்துத் திருத்திக் கையெழுத்திட்டால் போதும்.

இரும்புக் கதவின் சாவியும் சரக்கறைச் சாவியும் இப்போது என்னிடம் இருக்கின்றன. சரக்கறைச் சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தாங்கள் சொல்லும் நாளில் கொடுத்துவிடுகிறேன். இரும்புக் கதவுச் சாவியைக் கடைசி நாள் கடை சாத்தியதும் தங்கள் கையில் ஒப்படைப்பேன்.

இக்கடிதத்தின் இரண்டு பிரதிகளை இணைத்திருக்கிறேன். கிடைத்ததற்கு அடையாளமாக ஒன்றில் தேதியிட்டுக் கையொப்பமிட்டு என்னிடம் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இது குறித்துப் பேச வேண்டுமெனத் தாங்கள் விரும்பினால், வியாழக்கிழமை மதியம் கூட்டம் குறைந்திருக்கும் வேளையில் கடையின் பின்னறையில் உட்கார்ந்து பேசலாம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் பணியாளர்,
இரா. மல்லிகா

இணைப்பு: பங்குனி உத்திரம், சித்திரைப் புத்தாண்டு ஆகியவற்றுக்குத் தேவைப்படும் சரக்குப் பட்டியல்