குடும்பச் சட்டம்: மஹர், கார்டியன், கஸ்டடி (வேலூர் ஞாயிறு வகுப்பு, விடையுடன்)

போன தாளில் மஹரை வரதட்சணை என்று நினைத்து எழுதியவர்கள் பலர். மஹர் கணவன் மனைவிக்குத் தர வேண்டியது, திசையே வேறு. கீழே முஸ்லிம் தரப்பினர் எல்லோரும் ஹனபி சுன்னிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஆம்பூரில் நிக்காஹ். மஹர் 60,000 ரூபாய். அதில் 20,000 அன்றே கைக்கு வந்தது. தம்பதி ஒரு நாள்கூடத் தனித்திருக்கவில்லை. அதற்குள் கணவர் விலக்கிவிட்டார். இன்னும் தர வேண்டியது?
அ) ஒன்றுமில்லை ஆ) 10,000 இ) 30,000 ஈ) 40,000

விடை: ஆ. கூடி வாழும் முன் விலக்கினால் பேசிய மஹரில் பாதி, அதாவது 30,000. கொடுத்த 20,000 கழியும். இ போட்டவருக்குச் சட்டம் தெரியும், கேள்வியைத்தான் முழுசாகப் படிக்கவில்லை.

2. நிக்காஹ்வில் மஹர் தொகையே பேசவில்லை. திருமணம்?
அ) செல்லாது ஆ) செல்லும், மஹர் கிடையாது இ) செல்லும், தகுதி மஹர் உண்டு ஈ) ஜமாத் முடிவு

விடை: இ. பெண்ணின் அக்கா, அத்தை என்று தந்தை வழிப் பெண்களுக்குப் பேசியதை வைத்துக் கணக்கிடுவார்கள்.

3. பேரணாம்பட்டில் ஒரு விதவை, மஹர் பாக்கிக்காகக் கணவரின் வீட்டைத் தன் வசம் வைத்திருக்கிறார். பிள்ளைகளைக் கேட்காமல் முழு வீட்டையும் தோல் வியாபாரி ஒருவருக்குக் கிரயம் செய்துவிட்டார். கிரயம்?
அ) முழுதும் செல்லும் ஆ) அவர் பங்குக்கு மட்டும் ஈ) பிள்ளைகளைக் கட்டுப்படுத்தும் இ) மஹர் தொகை அளவுக்கு

விடை: ஆ. (வரிசை மாறியது அச்சுப் பிழை, மன்னிக்கவும்.) பாக்கி தீரும்வரை வீட்டை வைத்துக்கொள்ளலாம், விற்க உரிமையில்லை: மைனா பீபி வழக்கு, பிரிவி கவுன்சில். பிள்ளைகள் இருப்பதால் அவர் பங்கு எட்டில் ஒன்றுதான்.

4. தந்தை இறந்தபின், மைனர் மகனின் நிலத்தைத் தாய் விற்கிறார். கோர்ட் அனுமதி இல்லை. தந்தை உயிலில் அவரை நியமிக்கவும் இல்லை.
அ) செல்லும் ஆ) தவிர்க்கத்தக்கது இ) ஆதியிலிருந்தே செல்லாது ஈ) அவசியமிருந்தால் செல்லும்

விடை: இ. இமாம்பந்தி வழக்கு, 1918. குழந்தை தாயிடம் வளர்வது வேறு, சொத்துக்கு அவர் கார்டியன் என்பது வேறு. ஆ எங்கே சரி? இந்து இயற்கைக் கார்டியன் கோர்ட் அனுமதியின்றி அசையாச் சொத்தை விற்றால். 1956 சட்டம், பிரிவு 8.

5. ஆறு வயது மகன் வாணியம்பாடியில் தாயோடு வசிக்கிறான். தந்தை சென்னையில். கஸ்டடி மனு எங்கே?
அ) தந்தையின் ஊரில் ஆ) நிக்காஹ் நடந்த ஊரில் இ) குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரில் ஈ) எங்கும்

விடை: இ. 1890 சட்டம், பிரிவு 9. வாணியம்பாடி 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம்; பழைய நோட்ஸைப் பார்த்து வேலூர் என்று எழுதாதீர்கள். மகனுக்கு ஏழு வயது, மகளுக்குப் பூப்பு வரை தாய்க்கே முன்னுரிமை. ஆனால் கோர்ட் கடைசியில் பார்ப்பது குழந்தையின் நலனை.

6. கீதா ஹரிஹரன் வழக்கில் (1999) தந்தைக்கு 'அப்புறம்' தாய் என்பதன் பொருள்?
அ) தந்தை இறந்தபின் மட்டும் ஆ) தந்தை கார்டியனாகச் செயல்படாத நிலையிலும் இ) விவாகரத்துக்குப்பின் ஈ) ஐந்து வயதுக்குப்பின்

விடை: ஆ. ஈ என்பது பொறி: ஐந்து வயது கஸ்டடி பற்றியது.