மனப்பாடம் பிடிக்காதவர்களுக்கு ரூபிக்ஸ் கியூப்: அடுக்கடுக்காக ஒரு வழி

கோடை விடுமுறையில் நூலகத்தில் என்னிடம் கியூப் பழக வந்த பிள்ளைகளில் பாதிப் பேர், எழுத்துகள் நிறைந்த தாளைப் பார்த்ததுமே கியூபைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர்களுக்காக எழுதியது இது. இந்த வழியில் பெரும்பாலான வேலையை ஒரே ஒரு நாலு திருப்பு செய்துவிடும். மீதிக்கு இரண்டே வரிசைகள். அவற்றையும் கண்ணால் பார்த்தே நினைவில் வைக்கலாம்.

முதலில் கியூபை உற்றுப் பாருங்கள். 1974-ல் புடாபெஸ்டில் எர்னோ ரூபிக் உருவாக்கிய இந்தப் பொருளில் 54 நிறச் சதுரங்கள் இருந்தாலும், நகர்வது சதுரங்கள் அல்ல, துண்டுகள். ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் உள்ள துண்டு இடம் மாறாது. நடுவில் பச்சை இருந்தால் அது பச்சை முகம், மற்றவை எப்படிக் கலைந்திருந்தாலும் சரி. இரண்டு நிறம் கொண்ட ஓரத்துண்டுகள் 12, மூன்று நிறம் கொண்ட மூலைத்துண்டுகள் 8. ஓரம் ஒருநாளும் மூலைக்குப் போகாது. அதனால் ஒரு முகத்தை மட்டும் ஒரே நிறமாக்க முயலாதீர்கள். துண்டுகளை அவற்றின் வீட்டுக்கு அனுப்புங்கள்.

எழுத்துகள் இவ்வளவுதான்: R வலது, L இடது, U மேல், D கீழ், F முன் முகம். எழுத்து மட்டும் இருந்தால், அந்த முகத்தை நேராகப் பார்த்தபடி கடிகாரத் திசையில் கால் சுற்று. R' போல் மேலே கோடு இருந்தால் எதிர்த்திசை. U2 என்றால் அரைச் சுற்று.

நம் நாலு திருப்பு:

```
R U R' U'
```

மேலே, தள்ளு, கீழே, இழு என்று கை சொல்லும்வரை செய்து பாருங்கள். சேர்ந்திருக்கும் கியூபில் இதை ஆறு முறை செய்தால் அது பழைய நிலைக்கே திரும்பும். பழக இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. இடக்கைக்கு இதன் கண்ணாடி வடிவம் L' U' L U.

இனி வெள்ளைச் சிலுவை. இதற்குச் சூத்திரம் வேண்டாம். மஞ்சள் நடுவை மேலே வைத்து, அதைச் சுற்றி நான்கு வெள்ளை ஓரங்களையும் பூவிதழ்களாகக் கொண்டுவாருங்கள். ஒன்றைக் கொண்டுவரும்போது முன்பு வைத்த இதழ் வழியில் நின்றால், மேல் தளத்தைத் திருப்பி அதை ஒதுக்கிக்கொள்ளுங்கள். பூ முடிந்ததும் ஓர் இதழின் பக்கவாட்டு நிறம் அதே நிற நடுவோடு சேரும்வரை மேல் தளத்தைச் சுற்றி, அந்த முகத்தை அரைச் சுற்று திருப்புங்கள். நான்குக்கும் இப்படியே. சிலுவை கீழே போயிருக்கும். இனி வெள்ளையைக் கீழேயே வையுங்கள்.

வெள்ளை மூலைகள். மேல் தளத்தில் வெள்ளை உள்ள ஒரு மூலையைப் பிடித்து, அதன் மற்ற இரு நிறங்களைப் பாருங்கள். அந்த இரண்டு நடுக்களுக்கும் இடையே, முன்-வலது மூலையில், அதன் வீட்டுக்கு நேர் மேலே நிறுத்துங்கள். இனி வெள்ளை கீழே பார்த்தபடி அது உட்காரும்வரை நாலு திருப்பைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒரு முறை, மூன்று முறை அல்லது ஐந்து முறையில் உட்கார்ந்துவிடும். கீழே தவறாக மாட்டிக்கொண்ட மூலையை ஒரு நாலு திருப்பு வெளியே எடுத்துவிடும்.

நடு அடுக்கில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் நிதானமாகப் போவோம். மேல் தளத்தில் மஞ்சள் இல்லாத ஓர் ஓரத்தை எடுத்து, அதன் பக்கவாட்டு நிறத்தை முன் நடுவோடு சேருங்கள். அதன் மேல் நிறம் வலது முகத்தினுடையதா? அப்படியானால் அது வலப்பக்கம் இறங்க வேண்டும். முதலில் U செய்து வீட்டிலிருந்து விலக்குங்கள். அப்புறம் R U R' U'. இப்போது ஒரு வெள்ளை மூலை மேலே வந்துவிட்டது, பதற வேண்டாம். வலது முகம் உங்கள் முன்னால் வரும்படி முழுக் கியூபையும் திருப்பி, L' செய்து அங்கேயே நிறுத்துங்கள். மேலே பின்-இடது பக்கத்தைப் பாருங்கள்: அந்த மூலையும் நம் ஓரமும் நிறம் பொருந்தி ஜோடியாக ஒட்டியிருக்கும். மீதமுள்ள U' L U அந்த ஜோடியை அப்படியே வீட்டில் இறக்கிவிடும். இந்த ஒட்டுதலை ஒரு முறை கண்ணால் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டம் மறப்பதில்லை. இடப்பக்கம் இறங்க வேண்டுமென்றால் U', பிறகு L' U' L U, இடது முகத்தை முன்னால் கொண்டுவந்து R U R' U'. ஓரம் நடு அடுக்கிலேயே தலைகீழாகச் சிக்கியிருந்தால், மஞ்சள் உள்ள ஏதாவது ஓர் ஓரத்தை அங்கே இறக்குங்கள். சிக்கியது மேலே வந்துவிடும்.

மஞ்சள் சிலுவைக்கு, நாலு திருப்பின் இருபுறமும் முன் முகத்தைச் சேர்த்தால் போதும்:

```
F R U R' U' F'
```

மேலே மஞ்சள் ஓரங்கள் கோடாக இருந்தால் அதைக் கிடையாகப் பிடித்து ஒரு முறை. மடங்கிய வடிவில் இருந்தால் அதன் இரு கைகளும் பின்னும் இடமும் இருக்கும்படி பிடித்து, கியூபைத் திருப்பாமல் இரண்டு முறை. நடு மட்டும் மஞ்சள் என்றால் ஒரு முறை செய்யுங்கள், மடங்கிய வடிவம் கிடைக்கும்.

அடுத்து, சிலுவையின் பக்க நிறங்கள். மேல் தளத்தைச் சுற்றி, குறைந்தது இரண்டு ஓரங்கள் தத்தம் நடுவோடு சேரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். நான்கும் சேர்ந்தால் இந்தக் கட்டம் முடிந்தது. சேர்ந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒன்றைப் பின்னாலும் இன்னொன்றை வலத்திலும் பிடியுங்கள்:

```
R U R' U R U2 R' U
```

இதை எழுத்தாகப் படிக்காதீர்கள். முன்-வலது மூலையில் இருக்கும் வெள்ளை மூலையையும் அதன் மேல் உள்ள ஓரத்தையும் மட்டும் பின்தொடருங்கள். முதல் R-ல் அந்த ஜோடி மேலேறும். U, U, U2 மூன்றும் சேர்ந்து ஒரு முழுச் சுற்று. தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வருவதுபோல ஜோடி கடைசி R'-ல் வீடு சேரும். இறுதியில் வரும் U மேல் தளத்தை நேராக்க மட்டும். சேர்ந்தவை எதிரெதிரே இருந்தால் எப்படிப் பிடித்தாலும் ஒரு முறை செய்துவிட்டு மறுபடி தேடுங்கள்.

இப்போது மஞ்சள் மூலைகளின் இடம். திரும்பியிருந்தாலும் பரவாயில்லை, மூன்று நிறங்களும் சுற்றியுள்ள மூன்று நடுக்களோடு ஒத்துப்போகும் மூலை எது? அதை மேலே முன்-வலத்தில் பிடியுங்கள்:

```
U R U' L' U R' U' L
```

மேல் தளம் போவதும் வருவதுமாக இருக்க, வலமும் இடமும் மாறி மாறி ஏறி இறங்கும். அந்தத் தாளம்தான் நினைவில் நிற்கும். ஒன்று அல்லது இரண்டு முறையில் எல்லா மூலைகளும் இடம் சேரும். சரியான மூலையே இல்லையென்றால் ஒரு முறை செய்யுங்கள், ஒன்று கிடைத்துவிடும்.

கடைசிக் கட்டத்துக்குப் பல வழிகாட்டிகள் புதிதாக ஒரு வரிசை தருகின்றன. தேவையே இல்லை. கியூபைத் தலைகீழாக்கி மஞ்சளைக் கீழே வையுங்கள். தவறாகத் திரும்பிய மூலையைக் கீழே முன்-வலத்துக்குக் கொண்டுவந்து, மஞ்சள் கீழே பார்க்கும்வரை நம் பழைய R U R' U'. இரண்டு அல்லது நான்கு முறை ஆகும். பிறகு கியூபைத் திருப்பாமல், D மட்டும் சுற்றி அடுத்த தவறான மூலையை அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இடையில் மேல் அடுக்குகள் கலைந்து கிடக்கும். பிள்ளைகள் பயந்து நிறுத்துவது இங்கேதான். நிறுத்தாதீர்கள், நாலு திருப்பைப் பாதியிலும் விடாதீர்கள். கடைசி மூலை திரும்பியதும் எல்லாம் தானாகச் சேரும். D-ஐச் சுற்றி நேராக்கினால் முடிந்தது.

எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு மூலை மட்டும் திரும்பி நின்றால், தவறு உங்களுடையது அல்ல. யாரோ கியூபைக் கழற்றித் தவறாக மாட்டியிருக்கிறார்கள், அல்லது அந்த மூலை கை அழுத்தத்தில் திருகிக்கொண்டது. கண்டபடி மாட்டிய கியூப் 12-ல் ஒரு தடவைதான் சேரக்கூடிய நிலையில் அமையும். அந்த மூலையை விரலால் திருகிச் சரிசெய்துகொள்ளலாம்.