பழைய வீட்டு வேலைக்கான கருவிகள், இரும்புச் சாமான்கள்: காரைக்குடி கடை இருப்புப் பட்டியல்

விலை வரி உட்பட. 'பளு' என்று போட்டிருப்பது தாராளமாகத் தாங்கும் அளவு, அறுந்து விழும் அளவு அல்ல.

ஊஞ்சல் செட் (வளவு, பட்டாலை உத்திரத்துக்கு): ₹6,400
தரம்: 304 எவர்சில்வர், முழுவதும்.
செட்டில்: 8 மி.மீ. சங்கிலி 7 அடி நீளத்தில் 4, உத்திரத்தை ஊடுருவிப் போகும் 12 மி.மீ. வளையப் போல்ட் (10 அங்குலம்) 4, அகல வாஷர் 8, நட்டு 8, பலகைக் கொக்கி 4, ஷேக்கிள் 4.
பளு: ஆளும் பலகையும் சேர்ந்து 300 கிலோ.

சங்கிலி இதைவிட நிறையவே தாங்கும், ஆனால் ஊஞ்சல் சும்மா தொங்கும் பொருள் இல்லை. பக்கத்துக்கு 60 பாகை வரை வீசி ஆடினால், கீழே வரும் நொடியில் சங்கிலியில் ஏறும் பளு அசையாமல் உட்கார்ந்திருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அதோடு, பலகை கொஞ்சம் கோணினாலும் நான்கு சங்கிலியும் சமமாகப் பிடிக்காது. அதனால் கணக்கில் இரண்டை மட்டும்தான் எடுத்திருக்கிறோம். உத்திரத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. கரையான் ஏறியிருக்கிறதா என்று ஆசாரியை விட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மேலே நட்டு ஒன்றுக்கு இரண்டாகப் போடவும்.

காந்தம் கொண்டுவந்து சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது, 304-ஐ வளைத்த இடத்தில் லேசாக ஒட்டவும் செய்யும். முன்பு ஒரு சப்ளையர் 304 என்று கொடுத்த சங்கிலி காந்தச் சோதனையில் தேறிவிட்டது, ஒரே ஐப்பசி மழையில் முற்றத்து ஓரத்தில் செம்புள்ளி தட்டிவிட்டது. அதிலிருந்து ஆலைச் சான்றிதழ் இல்லாமல் சரக்கு இறக்குவதில்லை. கேட்டால் காட்டுவோம்.

பித்தளைச் சங்கிலி ஆர்டரின் பேரில் மட்டும். அழகுதான், ஆனால் புளி போட்டுத் தேய்க்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செயின் பிளாக், 1 டன்: ₹6,800
6 மி.மீ., கிரேடு 80 சங்கிலி. தூக்கும் உயரம் 3 மீட்டர். கொக்கிகளில் பூட்டு நாக்கு உண்டு.
எதற்கு: விட்டம் மாற்ற, கல்தூண் நிறுத்த. 1 அடிக்கு 1 அடி, 10 அடி உயரக் கருங்கல் தூண் சுமார் 760 கிலோ வரும். இதில் தூக்கலாம், வெட்டி இழுக்காமல். அதே வேலையை அரை டன் பிளாக்கில் செய்யப் பார்க்காதீர்கள். ஆளைத் தூக்கவும் கூடாது. முக்காலிக் கம்பம் தனி.

8.8 போல்ட், நட்டு: 10, 12, 16 மி.மீ., எடைக்கு
தலையில் 8.8 என்று அடித்திருக்கும். முதல் 8 என்றால் 800 மெகாபாஸ்கல் இழுவிசை. அதில் 80 சதவீதம் வரை, அதாவது 640 வரை, நிரந்தரமாக நீளாது. எண் இல்லாத போல்ட்டை பளு தாங்கும் இடத்தில் மாட்ட வேண்டாம். கேட்டுக்கும் கிரில்லுக்கும் 4.6 போதும்.

ஸ்பேனர் செட், 8 உருப்படி: ₹780
குரோம் வெனேடியம். 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22. பைப்பை மாட்டி நீட்டித் திருகினால் வாய் விரியும், அதற்கு மாற்றித் தரமாட்டோம்.

கார்பைடு முனை டிரில் பிட், 4 உருப்படி: ₹520
6, 8, 10, 12 மி.மீ., சுத்தியல் டிரில்லுக்கு. கான்கிரீட், செங்கல் இரண்டுக்கும் ஆகும். சுண்ணாம்புச் சுவரில் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் துளையுங்கள், இல்லையென்றால் முட்டைப்பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். அந்தச் சுவரில் விரியும் ஃபாஸ்ட்னரும் நிற்காது. கனமான சாமான் தொங்கவிட கெமிக்கல் ஆங்கர் கேளுங்கள்.

ஆத்தங்குடிக் கல் பதிக்கும் செட்: ₹1,450
விளிம்பு பிளவில்லாத 110 மி.மீ. வைர பிளேடு, ரப்பர் சுத்தியல், 2 அடி ரசமட்டம், கரண்டி, நூல்கண்டு. தண்ணீர் விட்டு, பூப்பக்கம் மேலே வைத்து அறுக்கவும். இரும்புச் சுத்தியல் பட்டால் மூலை போச்சு.

கதவுக் கீல், 5 அங்குலம், 3 உருப்படி: ₹690
304, திருகாணியும் 304. மூன்றும் சேர்ந்து 60 கிலோ வரை. அறைக் கதவுக்கு மட்டும். குடுமியில் சுழலும் பர்மாத் தேக்கு நிலைக்கதவுக்கு இது வேண்டாம், குடுமியைச் சரிசெய்வதே மேல். தேக்கில் முதலில் துளை போட்டு, திருகாணியில் கொஞ்சம் சோப்பு தடவி இறக்குங்கள்.

காரைக்குடிக்குள் வீட்டுக்கே அனுப்புவோம். தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் ₹3,000-க்கு மேல் வாங்கினால் வண்டிக்கூலி இல்லை. மாற்ற 7 நாள், பில்லோடு. வெட்டிக் கொடுத்த சங்கிலி மட்டும் திரும்ப எடுப்பதில்லை, உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள்.