ஏழு பின் கேபிள்

அண்ணாச்சியின் ரிப்பேர் கடைக்கு ஒரு அக்கா கொண்டுவந்த கேசட்டில் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. ஒரே கீச்சல்தான். திருநெல்வேலியில் கேட்ட கடைகளிலெல்லாம் அரை நிமிஷம் ஓடவிட்டு, "டேப் போயிருச்சும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். லேபிளில் அக்காவுடைய அப்பாவின் கையெழுத்து: "எட்டாம் வகுப்பு, 1986". கணக்கு வாத்தியார். இறந்து பல வருஷமாகிறது. அவர் குரல் வேறெதிலும் இல்லை என்றார் அந்த அக்கா.

அண்ணாச்சி டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டுப் போட்டார். சில நொடி ஒரே சீரான விசில். அப்புறம் கரகரவென்று கத்தல். மறுபடி விசில்.

"பூஞ்சை பிடிச்ச டேப் இவ்வளவு ஒழுங்கா கத்தாதே" என்றார். "இதோட வேற என்னம்மா இருந்துச்சு?"

அக்கா பையிலிருந்து ஒரு கேபிளை எடுத்து வைத்தார். ஒரு முனையில் மூன்று பிளக். இரண்டு சாதாரண 3.5 மில்லிமீட்டர், மூன்றாவது அதைவிடச் சின்னது, 2.5. மறுமுனையில் DIN எனப்படும் வட்டமான பிளக். பழைய ஆம்ப்ளிஃபயரில் வருவதுதானே என்று நான் நினைத்தேன். அண்ணாச்சி லென்ஸை வைத்து எண்ணினார். ஐந்து பின் அல்ல, ஏழு.

"பாட்டு கேக்குற கேபிளுக்கு இந்தச் சின்ன பிளக் எதுக்குலே? இது ரிமோட். டேப்போட மோட்டாரை நிறுத்தி ஓட்டுறதுக்கு. ஓட்டுனது ஆளு இல்ல, கம்ப்யூட்டர்."

பிபிசி மைக்ரோ. 1984-இல் கிளாஸ் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த இங்கிலாந்துக் கம்ப்யூட்டர். புரோகிராமை ஒலியாக மாற்றி கேசட்டிலும் சேமிக்கலாம்: பூஜ்யத்துக்கு 1200 ஹெர்ட்ஸ், ஒன்றுக்கு 2400. அந்தக் கத்தல் வாத்தியார் எழுதிய கணக்குப் புரோகிராம். லோடு ஆகாத டேப் ரெக்கார்டர்களை அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து அண்ணாச்சியிடம்தான் கொண்டுவருவார்கள். ஹெட் கோணத்தைத் திருகிச் சரிசெய்து அனுப்புவார்.

அக்கா முகம் வாடிவிட்டது. "அப்போ அப்பா பேசுனது இல்லையா அண்ணாச்சி?"

"அவசரப்படாதீங்க. ஒரே டேப்புல நாலஞ்சு புரோகிராம் போட்டா, எது எங்கன்னு தெரியணும்லா? நடுவுல வாயாலயே சொல்லிப் பதிஞ்சிருவாங்க. கேட்ட எல்லாரும் அரை நிமிஷத்துல நிறுத்திட்டாங்க. நாம நிறுத்த வேண்டாம்."

ஓடவிட்டார். கத்தல் இரண்டு நிமிஷத்துக்கு மேல் போயிற்று. பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சட்டென்று நின்றது. ஒரு செருமல்.

"அடுத்தது, வட்டத்தின் பரப்பு. லோடு ஆனதும் பிள்ளைங்க பேரைக் கேக்கும். எல்லாரும் தட்டிப் பாக்கணும், ஒருத்தனே உக்காந்துக்கக் கூடாது."

திரும்பவும் விசில். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

அண்ணாச்சி டெக்கை நிறுத்தி, லேப்டாப் ஒயரைச் சொருகினார். "முதல்லேருந்து பதிவோம். கத்தலையும் வெட்டாதலே, அதுவும் வாத்தியார் எழுதுனதுதான்."